தங்கச்சிக்கு முதல் சம்பளம்: அண்ணன் எதைச் சொல்லணும், எதை விழுங்கணும்

சம்பளம் விழுந்த குறுஞ்செய்தியைத் தங்கச்சி படமெடுத்து அண்ணனுக்கு அனுப்புகிறாள். அண்ணனின் விரல் தானாக அடிக்கும் முதல் வரி பெரும்பாலும் இதுதான்: "நீயும் சம்பாதிக்க தொடங்கியாச்சு பாத்தியா!" எழுதியவருக்கு அதில் பாசம் மட்டும்தான் தெரியும். படிக்கிறவள் கண்ணில் 'நீயும்' என்பதன் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'உம்' தான் முதலில் படும். எல்லாரும் செய்கிறார்கள், கடைசியில் நீயும் வந்து சேர்ந்துவிட்டாய் என்று அந்த ஒரு ஒட்டு சொல்லிவிடுகிறது. அவள் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டு போனை வைத்துவிடுவாள். அண்ணனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

பேச வசதியாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், அண்ணன் ரப்பர் பால் வெட்டுகிறார். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தங்கச்சி பொறியியல் முடித்துவிட்டு, திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள், அங்கேயே ஹாஸ்டல். வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது இதுதான் முதல் தடவை. பால்வெட்டுக்கு மாதச் சம்பளம் கிடையாது. மழை அடித்தால் வெட்டு இல்லை, இலை உதிரும் மாசத்தில் மரத்துக்கு ஓய்வு. ஆக, தங்கச்சியின் முதல் மாதமே அண்ணனின் பல மாதங்களைத் தாண்டிவிடலாம். வாழ்த்து சிக்கலாகிற இடம் இது. தனக்குக் கீழே இருக்கிறவளை வாழ்த்துவது எளிது. தன்னைத் தாண்டிப் போகிறவளை மூத்தவர் என்ற இடத்திலிருந்தே வாழ்த்தும்போதுதான் வார்த்தை உயரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

வார்த்தைக்குப் போவதற்கு முன்னால் அந்தத் தொகையைப் பற்றி அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாததால்தான் பாதி வீடுகளில் முதல் சம்பள நாள் கசந்து போகிறது.

வேலை கிடைத்தபோது ஆண்டுக்கு 3,00,000 என்று கடிதத்தில் இருந்தது. வீட்டில் எல்லாரும் பன்னிரண்டால் வகுத்து, மாசம் 25,000 என்று மனசில் எழுதிவைத்துவிட்டார்கள். வந்திருப்பது 14,979. "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா?" என்று அண்ணன் கேட்டுவிட்டால் வாழ்த்து அங்கேயே செத்துவிடும். ஏமாற்று ஒன்றுமில்லை. கடிதத்தில் இருக்கும் 25,000 என்பது கம்பெனிக்கு அவளால் ஆகும் மொத்தச் செலவு. அதில் அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 12,500 என்று வைத்தால், அவளுடைய பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிக் கணக்குக்குக் கம்பெனி போட வேண்டிய 12 சதவீதம், 1,500 ரூபாய், அந்த 25,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு என்று அடிப்படையில் 4.81 சதவீதம், சுமார் 601 ரூபாயையும் அதற்குள்ளேயே காட்டியிருப்பார்கள். இரண்டையும் கழித்தால் 22,899. இது சம்பளச் சீட்டில் காட்டும் மொத்தச் சம்பளம். இதிலிருந்து அவள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500 போகும். முழு மாதம் வேலை பார்த்தால் கைக்கு 21,399 வரும்.

அவள் சேர்ந்தது பத்தாம் தேதி. முப்பது நாள் மாதத்தில் அவளுக்கு 21 நாள்தான். 22,899-இல் 21 நாளுக்கு 16,029. அடிப்படைச் சம்பளமும் அதே கணக்கில் 8,750 ஆகக் குறைவதால் பி.எஃப். 1,050 பிடிப்பார்கள். மீதி 14,979. கணக்கு சரியாக உட்காருகிறது. கம்பெனிக்குக் கம்பெனி பிரிப்பு மாறும், தொழில் வரி பிடிக்கிற மாதமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் முதல் சம்பளம் சொன்ன தொகையை விடக் குறைவாகத்தான் வரும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். மாதத்தின் கடைசிப் பகுதியில் சேர்ந்தவர்களுக்குச் சில கம்பெனிகளில் அந்த மாதம் ஒன்றுமே வராது. அடுத்த மாதத்தோடு சேர்த்து வரும்.

இதை அண்ணன் தெரிந்து வைத்துக்கொள்வது அவளுக்கு விளக்கிச் சொல்வதற்காக இல்லை. அவளுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும், அல்லது பக்கத்து மேசைக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள். தொகையைப் பார்த்தவுடன் அண்ணன் முகம் மாறாமல் இருக்கவும், "இவ்ளவுதானா?" என்ற சொல் வாயில் வராமல் இருக்கவும், அம்மா "25 சொன்னியே" என்று கேட்கும்போது பதில் சொல்லவும்தான். "முதல் மாசம் நாள் கணக்கும்மா, அடுத்த மாசம் பி.எஃப். எல்லாம் போவ மீதி முழுசா வரும்" என்று அண்ணன் சொன்னால் போதும். தங்கச்சி அந்தக் கேள்வியைச் சந்திக்கவே வேண்டியதில்லை.

படம் அனுப்பாமல் "சம்பளம் வந்துட்டுண்ணே" என்று மட்டும் அவள் எழுதியிருந்தால், தொகையைக் கேட்கக் கூடாது. சொல்ல நினைத்திருந்தால் எழுதியிருப்பாள். அன்று கேட்காத அண்ணனிடம் பெரும்பாலும் அவளே அடுத்த வாரம் சொல்லிவிடுவாள்.

இனி வார்த்தை. அந்த அண்ணன் முதலில் எழுதிப் பார்க்கும் செய்தி இப்படி இருக்கும்:

"பரவால்லயே! ஒருவழியா எனக்க தங்கச்சியும் சம்பளக்காரி ஆயாச்சு. நான் மழையிலயும் பனியிலயும் பால் வெட்டினது வீண் போவல்ல. இனி பொறுப்பா இருக்கணும் கேட்டியா. கண்டபடி செலவு செய்யாண்டாம். மாசம் ஒரு சிட்டி போடு, நாளைக்கு நகைக்கு ஆகும். இன்னும் மேல மேல வரணும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரியும் பாசத்தில் வந்ததுதான். ஆனாலும் படிக்கிறவளுக்கு மூச்சு முட்டும்.

'பரவால்லயே' என்பதிலுள்ள 'ஏ' வியப்பைக் காட்டுகிறது. இதை உன்னிடம் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் அந்த வியப்பின் அர்த்தம். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் இதே வேலையை 'கொள்ளாமே' செய்யும். 'கொள்ளாம்' என்பது மீன்கறியை ருசி பார்த்துவிட்டுச் சொல்லும் சொல். சொல்கிறவர் கையில் கரண்டி இருக்கிறது. சமையலுக்கும் சட்டைக்கும் சொல்லலாம், ஆளுக்குச் சொல்லும்போது மதிப்பெண் போட்டது மாதிரி ஆகிவிடும். 'ஒருவழியா' இன்னும் மோசம். படிப்பு முடித்த பிறகு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த மாதங்களை அந்த ஒற்றைச் சொல் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். 'எப்படியோ', 'கடைசியில', 'பாத்தியா' எல்லாம் இதே குடும்பம். எழுதி முடித்தபின் இந்தச் சொற்களை மட்டும் தேடி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

'மக்களே' என்று கூப்பிடலாமா, அது சின்னப்பிள்ளையாக்குவது போல இருக்காதா என்று சிலர் யோசிப்பார்கள். யோசிக்கத் தேவையில்லை. ஒற்றை ஆளைப் பன்மையில் 'மக்களே' என்று கூப்பிடுவது நம்ம ஜில்லாவில் பேச்சின் உடம்போடு ஒட்டியது. கடைக்காரரும் கண்டக்டரும் கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நேற்று வரை 'மக்களே', 'பிள்ளே' என்றிருந்தவர் சம்பளம் வந்த அன்று திடீரென்று 'மேடம்' என்று ஆரம்பித்தால்தான் குத்தும். கேலியாகச் சொன்னாலும், இப்போது உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு தூரம் வந்துவிட்டது என்று அவள் எடுத்துக்கொள்ளக்கூடும். அண்ணன் சம்பாத்தியம் குறைவாக இருக்கும் வீட்டில் இந்தக் கேலி இரண்டு பேருக்குமே நல்லதில்லை. பழைய விளிச்சொல்லை அப்படியே வைத்திருப்பது உத்தமம். அதே மாதிரி 'நல்லா இரு' என்று வாழ்த்துவதிலும் தப்பில்லை. மூத்தவர் வாயிலிருந்து அது வருவது முறை, அவளும் எதிர்பார்ப்பாள்.

அடுத்தது நடு வரி, 'நான் பால் வெட்டினது வீண் போவல்ல'. இதுதான் இந்தச் செய்தியிலேயே கனமான வரி. உண்மையும் கூட. விடியும் முன் நாலு மணிக்கு நெற்றியில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனவரின் காசில்தான் அவளுக்குப் பஸ் பாஸும் செமஸ்டர் கட்டணமும் போயிருக்கிறது. அவளுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததை அண்ணனே வாய் திறந்து சொல்லும்போது அது ரசீது நீட்டுவது போல ஆகிவிடுகிறது. அவள் சம்பளம் அவளுடைய உழைப்பின் முடிவாக இல்லாமல் அண்ணனின் முதலீட்டுக்கு வந்த வட்டியாக மாறிவிடும். அன்றைக்கு அவள் சொல்லக்கூடிய ஒரே பதில் 'எல்லாம் உனக்க தயவுலதான்ணே' என்பதுதான். வாழ்த்த வந்தவர் நன்றியை வாங்கிக்கொண்டு போகிறார்.

அந்த வரியை ஒருநாளும் சொல்லக்கூடாது என்பதில்லை. அவளாகவே 'நீ வெட்டின பாலாக்கும் இது' என்று சொன்னால், 'ஆமா மக்களே, சேந்துதான் இழுத்தோம்' என்று ஏற்றுக்கொள்ளலாம். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று தட்டிவிடுவதும் அவளைச் சின்னவளாக்குவதுதான். அவள் கொடுக்க வந்ததை வாங்க மறுப்பது அது. தொடங்கும் உரிமை மட்டும் அவளிடம் இருக்கட்டும்.

அடுத்த மூன்று வரிகளும் அறிவுரை. சிட்டி என்கிற மாதச் சீட்டு, நகை, சிக்கனம். சிட்டி போடுவது நல்ல காரியம்தான், ஆனால் அதற்கு இன்னொரு நாள் இருக்கிறது. ஒரு பெண் பிள்ளையின் முதல் சம்பளத்தை அரை நிமிஷத்தில் கல்யாண நகையாக உருக்கிவிடுவது நம்ம ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. தம்பிக்குச் சம்பளம் வந்தால் பைக்கைப் பற்றிப் பேசுகிறோம், தங்கச்சிக்கு வந்தால் பவுனைப் பற்றிப் பேசுகிறோம். அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. 'இன்னும் மேல மேல வரணும்' என்பது ஆசிதான் என்றாலும், இன்றைக்கு வந்தது போதாது என்ற வாடை அதிலே அடிக்கும். எதிர்காலத்தைப் பற்றிய எந்த வரியும் அன்றைக்குத் தேவையில்லை.

இவ்வளவையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். வெறும் 'வாழ்த்துகள்' மிஞ்சும். அதுவும் ஆகாது. 'மனமார்ந்த நல்வாழ்த்துகள்' என்று அண்ணன் தங்கச்சிக்கு எழுதினால், வில்லுக்குறி ரோட்டோரம் கட்டியிருக்கும் கல்யாண போர்டு வாசிக்கிற மாதிரி இருக்கும். பெருமையைச் சொல்ல வேண்டும். அதை அவளுடைய குணத்தின் மேல் பொதுவாக வைக்காமல், அவள் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தின் மேல் வைக்க வேண்டும். அந்தக் காரியத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் ஐந்து நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது இரண்டைப் பார்த்தால் போதும். அந்தக் காரியத்தில் அண்ணனுக்குப் பங்கு இருக்கக் கூடாது. கல்லூரியில் சேர்த்தது, மாமாவிடம் சொல்லி விண்ணப்பம் போட்டது எல்லாம் கழித்துவிடலாம். அப்புறம், அது அண்ணன் கண்ணால் பார்த்ததாகவோ அவள் வாயால் கேட்டதாகவோ இருக்க வேண்டும். 'நீ ரொம்ப புத்திசாலி' என்பதை யாரும் யாருக்கும் எழுதலாம். மூன்று நேர்காணலில் கிடைக்காமல் போய், மறுநாள் காலையிலேயே நாலாவதற்கு மார்த்தாண்டம் பஸ்ஸைப் பிடித்ததை அந்த வீட்டில் இருந்தவர் மட்டும்தான் எழுத முடியும். தமிழ் மீடியத்தில் படித்தவள் மலையாளமும் இங்கிலீஷும் புழங்கும் ஆபீசில் முதல் வாரமே தன் வேலையைத் தானே எழுந்து நின்று விளக்கியது, அவள் போனில் சொன்னதை வைத்து எழுதலாம்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. நேர்காணலைப் பற்றி எழுதும்போது 'மூணும் போச்சுன்னு அழுதியே' என்று சேர்ந்து வந்துவிடும். அழுததை விட்டுவிடுங்கள். அவள் எழுந்து போனது போதும். அவள் தளர்ந்திருந்த நேரத்தை நினைவுபடுத்தினால் பழையபடி தேற்றுகிறவர் அண்ணன், தேற்றப்படுகிறவள் தங்கச்சி என்று ஆகிவிடும்.

எல்லாம் கழித்து, சேர்த்து, அந்த அண்ணன் அனுப்பக்கூடியது இப்படி இருக்கும்:

"மக்களே, படம் பாத்தேன். ஒனக்க பேருல சம்பளம்னு வந்து கெடக்குது பாக்க அவ்ளவு சந்தோசம். மூணு இண்டர்வியூ தட்டிப்போன பெறவும், மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி நாலாவதுக்கு போன பாரு, நான் அத மறக்கவே மாட்டேன். நல்லா இரு. ராத்திரி சோறு தின்ன பெறவு கூப்பிடு, ஆபீஸ் கதை கேக்கணும்."

பெருமை என்ற சொல்லே இதில் இல்லை, ஆனால் தெரிகிறது. அந்தச் சொல்லை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், 'எனக்குப் பெருமையா இருக்கு' என்று ஒரு தடவை எழுதலாம். 'குடும்பத்துக்கே பெருமை சேத்துட்ட' என்று போனால் மொத்தக் குடும்பமும் வந்து அவள் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

எழுத்தா, குரலா என்பதற்கும் பதில் உண்டு. பால்வெட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்து, பாலை உறையவிட்டு, ஷீட் அடித்து முடிக்கும்போது காலை பதினொன்று ஆகிவிடும். அவளுக்கு அது ஆபீஸ் நேரம். அப்போது கூப்பிட்டால் அவள் நாலு பேர் நடுவில் குரலைத் தாழ்த்தி 'ம்... ம்...' என்று மட்டும் சொல்வாள். பகலில் எழுத்து, ராத்திரி எட்டு மணிக்கு மேல் குரல். தமிழ் தட்டச்சு வராதவர்கள் குரல் பதிவு அனுப்பலாம், இருபது விநாடிக்குள். அதைத் தாண்டினால் அறிவுரை தானாக உள்ளே நுழைந்துவிடும்.

ராத்திரி அவள் கூப்பிட்டதும் கேட்க வேண்டியது வேலையைப் பற்றி. 'வேலை எப்பிடி போவுது' என்றால் 'நல்லா போவுது' என்று முடிந்துவிடும். 'முதல் மாசம் ஒன்ன என்ன செய்ய விட்டாவ?' என்று கேட்டால் பத்து நிமிஷம் ஓடும். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லி மறுபடி கேட்கலாம். மூத்தவருக்குத் தெரியாத ஒன்றை இளையவள் விளக்குகிற நேரம், ஏதோ ஒன்று தானாகச் சமமாகிவிடும்.

இப்போது காசு. பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ அண்ணனின் போனில் கூகுள் பே சத்தம் கேட்கும். தங்கச்சி 3,000 ரூபாய் அனுப்பியிருப்பாள். கீழே ஒன்றும் எழுதியிருக்க மாட்டாள், அல்லது ஒரு இதயம் மட்டும். இந்த இடத்தில் நல்ல அண்ணன்மார்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 'எனக்கு எதுக்கு பைசா, நீயே வச்சுக்கோ' என்று அதே நிமிஷம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொடுக்கிற இடத்தில் நான் மட்டும்தான் இருப்பேன், நீ இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று சொல்வது அது. எந்த வார்த்தையும் இவ்வளவு தெளிவாக ஒருத்தியைச் சின்னவளாக்காது.

வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியதை எதற்கு எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும், அதுவும் தனக்காக. வீட்டு மளிகையிலும் கரண்ட் பில்லிலும் அது கரைந்துவிடக் கூடாது. 'பைசா வந்துட்டு. எனக்க ஹெட்லைட் மங்கிக் கெடக்கு, அத மாத்துகேன்' என்று எழுதிவிட்டு, மறுநாள் குலசேகரம் சந்தை ஜங்ஷனில் வாங்கி, விடியக்காலை அதைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்று ஒரு படம் அனுப்பினால் முடிந்தது. சிரட்டையில் வெள்ளையாகப் பால் வடிவதும், வெட்டுப் பட்டையில் புது லைட்டின் வெளிச்சம் விழுவதும் அந்தப் படத்தில் தெரியும். ஹாஸ்டலில் எழுந்ததும் அவள் பார்க்கிற முதல் படம் அதுவாக இருக்கும். அண்ணன் அதற்குக் கீழே ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

அவள் அனுப்பியது அவள் சக்திக்கு மீறியது என்றால் என்ன செய்வது? 14,979 வந்த மாதத்தில் 7,000 அனுப்பிவிட்டாள், ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, ரயில் கட்டணம் எல்லாம் மீதியில் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அன்றே திருப்ப வேண்டாம். 'இதுல 2,000 எனக்கு, மத்தது அம்மை கையில குடுக்கேன், ஒனக்குத் தேவைப்பட்டா கேளு' என்று சொல்லலாம். திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் வேறு நாளில், வேறு வடிவத்தில் கொடுங்கள். சனிக்கிழமை அவள் குழித்துறையில் ரயில் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது பையில் ஏத்தங்காய் சிப்ஸும், அச்சுமுறுக்கும், ஒரு குப்பி தேங்காயெண்ணெயும், ஒரு சீப்பு மட்டிப்பழமும் போகட்டும். வீட்டிலிருந்து போகும் பண்டத்தை யாரும் திருப்பிக் கொடுத்ததாக எடுத்துக்கொள்வதில்லை.

முதல் சம்பளத்தை எங்கே படைப்பது என்பது இன்னொரு கேள்வி. சில வீடுகளில் ஆலயத்துக்கு முதற்பலன், சில வீடுகளில் மண்டைக்காட்டுக்கோ குடும்பக் கோயிலுக்கோ நேர்ச்சை, இன்னும் சில வீடுகளில் அம்மை கையில் கொடுத்துக் காலைத் தொடுவது. அம்மை ஏற்கெனவே நேர்ந்து வைத்திருந்தால் அதைத் தங்கச்சிக்குச் சொல்லலாம், சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். எவ்வளவு, எப்போது என்று அண்ணன் முடிவு செய்து அறிவிக்கக் கூடாது. அவள் சம்பளத்திலிருந்து அவள் கையால் போவதற்குத்தான் நேர்ச்சையில் அர்த்தம் இருக்கிறது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்றால், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம். தொகை கூடாது, படமும் கூடாது. போட்ட மறு நிமிஷம் கெல்ஃப்பில் இருக்கும் ஏதாவது ஒரு மாமா 'எவ்ளவு கெடைக்குது?' என்று கேட்பார், இன்னொருவர் அவர் மகனின் சம்பளத்தைச் சொல்வார். 'அவ கிட்ட கேளுங்க மாமா' என்று அண்ணன் எழுதினால் போதும். அவளுக்காகப் பதில் சொல்லிக் காப்பாற்றவும் வேண்டாம், தொகையைச் சொல்லிப் பெருமையடிக்கவும் வேண்டாம்.

பெருமையடிக்க ஆசை இருந்தால் அதற்கு டீக்கடை இருக்கிறது. 'டெக்னோபார்க்ல இருக்கவ எனக்க தங்கச்சியாக்கும்' என்று அங்கே சொல்லுங்கள். அந்த 'ஆக்கும்' நம்ம பக்கத்துப் பேச்சில் ஊறியது. மூன்றாம் ஆளிடம் சொல்லும்போது பெருமையாக ஒலிக்கும், அவளிடமே சொன்னால் உரிமை கொண்டாடுவதாகிவிடும். டீக்கடையில் சொன்னது எப்படியும் ரெண்டு நாளில் சுற்றிச் சுற்றி அவள் காதுக்குப் போய்ச் சேரும். அப்படிப் போய்ச் சேருவதற்கு இருக்கும் இனிப்பு நேரில் சொன்னதற்கு இருக்காது.

இதையெல்லாம் படிப்பதற்கு முன்னாலேயே அந்த முதல் செய்தியை அனுப்பிவிட்டவர்கள் இருப்பார்கள். பதிலாக ஒரு சிரிப்பு முகம் மட்டும் வந்திருக்கும், அப்புறம் ரெண்டு நாள் சத்தமே இருக்காது. நீளமாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவளுக்கு மறுபடியும் தேற்றுகிற வேலையாகிவிடும். 'நேத்து சிட்டி, நகைன்னு என்னெல்லாமோ எழுதிட்டேன் மக்களே. சொல்ல நெனச்சது வேற' என்று ஒரு வரி. அதற்குக் கீழே அந்த நாலாவது நேர்காணலைப் பற்றிய வரி. போதும்.

சிட்டியைப் பற்றி உண்மையிலேயே பேச வேண்டும் என்றால் மூன்று சம்பளமாவது வரட்டும். முழு மாதம் எவ்வளவு வருகிறது, ஹாஸ்டலுக்கு எவ்வளவு போகிறது என்று அதற்குள் அவளுக்கே கணக்குப் பிடிபட்டிருக்கும். 'நான் இங்க ஒரு சிட்டியில சேரலாம்னு இருக்கேன், மாசம் 2,000. ஒனக்கு எப்பிடி தோணுது?' என்று தன் விஷயமாக அவளிடம் யோசனை கேளுங்கள். அவளுக்கு விருப்பம் இருந்தால் 'எனக்கும் ஒண்ணு சேருண்ணே' என்று அவளே சொல்வாள்.

அடுத்த மாதம் முப்பதாம் தேதி 'சம்பளம் வந்தாச்சா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'மழை எப்பிடி அங்க?' என்று கேளுங்கள்.